பழைய தாளிலிருந்து கைத்தாள்: குறையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

செய்தித்தாள், எழுதி முடித்த நோட்டுத்தாள், பழுப்பு நிற அட்டைப்பெட்டி ஆகிய மூன்றையும் தனித்தனியே கூழாக்கிக் கைத்தாள் செய்து, அவற்றின் தடிமன், வலிமை, நீர் உறிஞ்சும் தன்மை ஆகியவற்றை ஒப்பிடுவோருக்கு மீண்டும் மீண்டும் வரும் குறைகள் இங்கே அடையாளப்படி வகுக்கப்பட்டுள்ளன. கருவிகள் எளியவை என்றே கொள்கிறேன்: பழைய மிக்ஸி, 21 செ.மீ. × 30 செ.மீ. உள்ளளவுள்ள வலைச்சட்டமும் அதன்மேல் வைக்கும் வெற்றுச் சட்டமும், ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பருத்தித் துணிகள், இரண்டு பலகைகள், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவி.

எந்தக் குறையைத் தேடுவதற்கு முன்னும் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் எவ்வளவு உலர்ந்த இழை போகிறது என்பது தெரியாவிட்டால் கீழே உள்ள சோதனைகளில் பாதி பயனற்றவை. 100 கிராம் உலர்ந்த பழைய தாளை இரவு முழுவதும் ஊறவைத்து, அரைத்து, தண்ணீர் சேர்த்துச் சரியாக 10 லிட்டராக்கிக் கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திய சட்டத்தில், ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, ஒரு லிட்டர் கூழை அளந்து ஊற்றினால் தாளுக்குச் சுமார் 10 கிராம் இழை கிடைக்கும். சட்டத்தின் பரப்பு 0.063 சதுர மீட்டர் என்பதால் அந்தத் தாள் ஏறத்தாழ 160 ஜி.எஸ்.எம். ஆகும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். நகல் எடுக்கும் கடையில் பயன்படும் சாதாரணத் தாள் பெரும்பாலும் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். நோட்டுத்தாள் கூழில் மட்டும் எடை சற்றுக் குறையும். அதில் ஆலையிலேயே சேர்த்திருக்கும் சுண்ணாம்புத் தூளில் ஒரு பகுதி வலை வழியே நழுவிவிடும். ஆகவே எப்போதும் உலர்ந்த தாளை எடை போட்டே ஜி.எஸ்.எம். கணக்கிட வேண்டும், ஊற்றிய அளவை மட்டும் நம்பக்கூடாது.

## அடையாளம் 1: ஈரத்தாள் வலையை விட்டு வரவில்லை, அல்லது கிழிந்து வருகிறது

முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த துணியில் ஈரத்தாள் பிடிக்காது. துணியை நனைத்துப் பிழிந்திருக்க வேண்டும். அடுத்து, வலையைக் கவிழ்த்த பிறகு அதன் பின்புறத்தைப் பஞ்சால் அழுத்தித் தண்ணீரை உறிஞ்சினீர்களா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் தாள் ஒட்டிக்கொண்டால், முந்தைய நாளின் கூழ் அங்கே காய்ந்து வலைக்கண்ணை அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும்.

தாளுக்கு 4 அல்லது 5 கிராமுக்குக் குறைவாக இழை ஊற்றினாலும் இதே குறை வரும். அப்போது வலையில் தவறில்லை, கூழைக் கூட்டுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் தாளின் நடுப்பகுதி மட்டும் கிழிகிறதென்றால் வலை தொய்ந்திருக்கிறது. ஆணியடித்துக் கையால் இழுத்துக் கட்டிய கொசுவலை சில நாட்களில் தொய்வது இயல்பு. ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களிடம் சட்டத்தைக் கொடுத்தால் பாலியஸ்டர் வலையை இறுக்கமாக இழுத்து ஒட்டித் தருவார்கள். மிக நெருக்கமான வலையாகக் கேட்க வேண்டாம், தண்ணீர் வடிய நெடுநேரமாகும்.

## அடையாளம் 2: தடிமன் ஒரே சீராக இல்லை

ஒரே தாளுக்குள் வேறுபாடு. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு ஓரம் முழுவதும் கருத்துத் தெரிந்தால், சட்டத்தைத் தூக்கும்போது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் கருத்திருந்தால் மேலே சொன்ன வலைத்தொய்வு. மேகம்போல ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருந்தால் சட்டத்துக்குள் தண்ணீர் போதவில்லை, இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிட்டன. ஊற்றும் கூழைக் கூட்டாமல் தொட்டி நீரின் மட்டத்தை மட்டும் உயர்த்தி, விரல்களால் மெல்லக் கலைத்துவிட்டு, சட்டத்தை நேராகத் தூக்குங்கள்.

தாளுக்குத் தாள் வேறுபாடு. முதல் தாள் தடித்தும் கடைசித் தாள் மெலிந்தும் வந்தால் நீங்கள் சட்டத்தைக் கூழ்த்தொட்டியில் முக்கி எடுக்கும் முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்றே பொருள். ஒவ்வொரு தாளும் இழையை எடுத்துச் செல்வதால் தொட்டிக்கூழ் நீர்த்துக்கொண்டே போகும். தொழிற்கூடத்தில் தேர்ந்தவர்கள் இடையிடையே கூழ் சேர்த்து இதைச் சமன் செய்வார்கள். ஒப்பீட்டுக்கு முக்கி எடுக்கும் முறையே வேண்டாம் என்பது என் கருத்து, அளந்து ஊற்றுங்கள்.

எடை ஒன்றே, தடிமன் வேறு. இது பெரும்பாலும் குறையே அல்ல. அழுத்தம் மாறியதன் விளைவு. அடுக்கில் மேலே இருந்த தாளும் கீழே இருந்த தாளும் ஒரே அளவு அழுத்தம் பெற்றனவா, இரண்டு தொகுதிகளையும் ஒரே எடையின் கீழ் ஒரே நேரம் வைத்தீர்களா என்று பாருங்கள்.

ஒரே இடத்தை அளந்தாலும் எண் மாறுகிறது. கைத்தாள் மெத்தென்றிருக்கும், திருகு அளவியை இறுக்க இறுக்கத் தாள் நசுங்கும். முனையிலுள்ள ராட்செட் 'டிக்' என்று ஒலித்தவுடன் நிறுத்தும் பழக்கம் வேண்டும். ஒரே தாளின் நான்கு மூலைகளிலிருந்தும் நடுவிலிருந்தும் சிறு துண்டுகள் வெட்டி, ஐந்தையும் அடுக்கி அளந்து ஐந்தால் வகுத்தால் சராசரி நேராகக் கிடைக்கும். கருவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால், சுழிப்பிழையைக் கழிக்க மறந்தால் மெல்லிய தாளில் அது பெரிய பிழையாகத் தெரியும்.

இந்த அடையாளத்துக்கு வல்லுநர் தேவைப்படுவது அரிது. விற்பனைக்கு ஒரே சீரான, வழவழப்பான தாள் வேண்டுமானால் மட்டும், உருளைகளுக்கிடையே தாளை அனுப்பும் காலண்டர் இயந்திரம் உள்ள கைத்தாள் தொழிற்கூடத்தை நாடலாம்.

## அடையாளம் 3: தாள் மிக எளிதில் பிய்கிறது

முதல் காரணம் ஈரம். மேலே உலர்ந்தது போலிருக்கும் தாளின் உள்ளே ஈரம் நின்றிருந்தால் வலிமை பெரிதும் குறையும். மழைக்காலத்தில் செய்த தாளையும் கோடையில் செய்த தாளையும் செய்தவுடனே சோதித்து ஒப்பிடுவதும் இதே வகைப் பிழை. ஒப்பிட வேண்டிய எல்லாத் தாள்களையும் ஒரே அறையில் ஓர் இரவு பரப்பி வைத்து, மறுநாள் ஒரே அமர்வில் சோதியுங்கள்.

இரண்டாவது காரணம் ஈரமாக இருந்தபோது அழுத்தாமை. என் பார்வையில் வலிமைக்குறைவின் முதன்மையான காரணம் இதுதான். தாளில் பசை இல்லை. இழைகள் ஈரத்தில் நெருங்கி, தண்ணீர் வெளியேறும்போது ஒன்றோடொன்று பிணைவதாலேயே தாள் நிற்கிறது. நெருங்காத இழை பிணையாது. துணிகளுக்கிடையே அடுக்கிய ஈரத்தாள்களைப் பலகைகளுக்கிடையே வைத்து 60 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால், 630 சதுர செ.மீ. பரப்பில் ஒரு சதுர செ.மீட்டருக்குச் சுமார் 100 கிராம் அழுத்தமே விழுகிறது. காருக்கு வைக்கும் 2 டன் ஜாக்கியை இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் அதே பரப்பில் 3 கிலோவுக்கு மேல் கிடைக்கும். இரண்டு முறையிலும் செய்த தாள்களை மடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஆனால் இந்த அழுத்தச் சட்டத்தை ஆணியடித்த மரத்தில் செய்யக்கூடாது, ஒரு பக்கம் பிளந்தால் பலகை தெறிக்கும். இங்கே வெல்டிங் பட்டறைக்குப் போவதே முறை.

மூன்றாவது, அரைப்பு. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கூழைக் கலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தாள் துணுக்குகள் மிதந்தால் அரைப்பு போதவில்லை. தனித்தனி இழைகள் மிதந்தால் சரி. இழையே தெரியாமல் தூசுபோல இருந்தால் மிக்ஸியின் கத்தி இழைகளை நறுக்கிவிட்டது, அந்தக் கூழை மீட்க முடியாது. புதுக்கூழோடு சிறிது சிறிதாகச் சேர்த்துத் தீர்க்கலாம். நோட்டுத்தாளில் மட்டும் தண்ணீர் பால்போல வெளுப்பது சுண்ணாம்புத் தூளால். அதை மிகை அரைப்பு என்று எண்ண வேண்டாம்.

நான்காவது, மூலப்பொருளின் எல்லை. செய்தித்தாளில் பெரும்பகுதி, மரத்தை இயந்திரத்தால் அரைத்தோ பழைய தாளை மீண்டும் கூழாக்கியோ எடுத்த இழை. குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், நன்கு பிணையாது. அட்டைப்பெட்டியில் நீண்ட இழை கூடுதல். தவிர, ஒருமுறை உலர்ந்த இழை மீண்டும் நனையும்போது பழைய அளவுக்கு ஊதி நெகிழ்வதில்லை. ஆகவே கைத்தாளையே திரும்பக் கூழாக்கிச் செய்த தாள் முதல் தாளைவிட வலுக்குறைவாக வருவது இயல்பு. கூழில் மூன்றில் ஒரு பங்கு அட்டைப்பெட்டிக் கூழைச் சேர்ப்பது இதற்கு மலிவான மாற்று.

ஐந்தாவதாகவே பசை. 100 கிராம் இழைக்கு 3 முதல் 5 கிராம் மரவள்ளி மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கூழில் கலந்தால் வலிமை கூடும். இதை முதலாவதாகச் செய்துவிட்டு அழுத்தத்தை மறப்பவர்கள் அதிகம்.

இவற்றுக்குப் பிறகும் பை தைக்கும் அளவுக்கு வலிமை வேண்டுமானால் மிக்ஸி அதைத் தராது. இழையை நறுக்காமல் நசுக்கி நார்நாராக்கும் பீட்டர் இயந்திரம் தேவை. கைத்தாள் தொழிற்கூடங்களில் பனியன் கழிவுத்துணி போன்ற பருத்தியை அதில்தான் கூழாக்குகிறார்கள்.

## அடையாளம் 4: அட்டைப்பெட்டித் தாள் செய்தித்தாள் தாளைவிட வலுக்குறைவாகத் தெரிகிறது

முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தால் தாளைச் சந்தேகிக்கும் முன் சோதனையைச் சந்தேகியுங்கள். தாளை 15 மி.மீ. அகலத்தில் நீளமான பட்டைகளாகக் கூரிய கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள். பட்டையின் இரு முனைகளையும் உருண்டைக் குச்சிகளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிளிப்பால் பிடித்து, மேல் குச்சியைத் தொங்கவிட்டு, கீழ்க்குச்சியில் ஒரு சிறு வாளியைக் கட்டி மணலை மெல்லக் கொட்ட வேண்டும். வாளி தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உயரக்கூடாது. அறுந்தவுடன் மணல், வாளி, கீழ்க்குச்சி மூன்றையும் சேர்த்து எடை போடுங்கள். கிளிப்பின் ஓரத்திலேயே அறுந்த பட்டைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே அறுத்தது கிளிப்பு. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஐந்து நல்ல அறுப்புகள் வேண்டும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. செய்தித்தாளில் செய்த தாளின் எடை 12.6 கிராம், அட்டைப்பெட்டித் தாளின் எடை 7.56 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 0.063 ஆல் வகுத்தால் முறையே 200, 120 ஜி.எஸ்.எம். முதலாவதன் பட்டை 3.9 கிலோவில் அறுந்தது, இரண்டாவது 3.6 கிலோவிலேயே அறுந்துவிட்டது. செய்தித்தாளே வலியது என்று எழுதத் தோன்றும். ஆனால் முதல் பட்டையில் இழை கூடுதல். 15 மி.மீ. அகலப் பட்டையில் ஒரு மீட்டர் நீளத்தின் எடை, 0.015 ஐ ஜி.எஸ்.எம். ஆல் பெருக்கினால் கிடைக்கும்: முதலாவதற்கு 3 கிராம், இரண்டாவதற்கு 1.8 கிராம். அறுந்த எடையை இதனால் வகுத்தால் 3900 ÷ 3 = 1300 மீட்டர், 3600 ÷ 1.8 = 2000 மீட்டர். இது அறுநீளம்; அதாவது எத்தனை மீட்டர் நீளப் பட்டையைத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே அது அறுந்துபோகும் என்பது. இழைக்கு இழை பார்த்தால் அட்டைப்பெட்டித் தாளே வலியது.

இதே இரண்டு தாள்களின் தடிமன் 0.60 மி.மீ., 0.30 மி.மீ. என்றால், ஜி.எஸ்.எம். ஐத் தடிமனால் வகுத்து 1000 ஆல் மீண்டும் வகுக்கும்போது அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு 0.33 கிராம், 0.40 கிராம் என வரும். அடர்த்தியிலேயே இவ்வளவு வேறுபாடு இருந்தால் வலிமையின் வேறுபாட்டில் ஒரு பகுதி இழையினுடையதாகவும் ஒரு பகுதி அழுத்தத்தினுடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் இரண்டு வகைத் தாள்களையும் ஒரே ஜி.எஸ்.எம். இல் செய்து, ஒரே அடுக்கில் மாற்றி மாற்றி வைத்து, ஒரே நேரத்தில் அழுத்தி மறுபடியும் சோதிக்க வேண்டும்.

## அடையாளம் 5: எழுதினால் மை பரவுகிறது

பேனாவை மாற்றிப் பாருங்கள். பால்பாயின்ட் மை கைத்தாளில் பெரும்பாலும் பரவாது. ஊற்றுப்பேனா மையும் நீர்வண்ணமும் பரவும். தேவை பால்பாயின்ட் மட்டுமே என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, தாளின் அடர்த்தி. தளர்ந்த தாளில் இழைகளுக்கிடையே இடைவெளி அதிகம். மை அதன் வழியே ஓடும். அழுத்தம் கூட்டினால் பரவல் ஓரளவு குறையும், முழுதும் நிற்காது.

மூன்றாவதாக எல்லோரும் கஞ்சியை நாடுகிறார்கள். கஞ்சி இழைகளைப் பிணைக்கும், மேற்பரப்பில் நார் எழும்புவதைத் தடுக்கும். ஆனால் அது தண்ணீரை விரும்பும் பொருள். கஞ்சி தடவிய தாளில் மை மெதுவாகப் பரவலாம், நீர் உறிஞ்சும் தன்மை மறைந்துவிடாது. நீரைத் தடுக்க ஜெலட்டின் வேண்டும். 20 கிராம் ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நீரில் கொதிக்கவிடாமல் கரைத்து, முழுதும் உலர்ந்த தாளின் இருபுறமும் மென்மையான தூரிகையால் தடவுங்கள். தாளை முக்கி எடுத்தால் பழைய தாளில் செய்த கைத்தாள் பெரும்பாலும் குலைந்துவிடும். 2 கிராம் படிகாரம் சேர்த்தால் பலன் கூடும்; ஆனால் அது அமிலத்தன்மை தரும், தாள் விரைவில் பழுக்கும். ஆவணத்துக்கும் ஓவியத்துக்கும் படிகாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

## அடையாளம் 6: உறிஞ்சும் சோதனையில் முடிவுகள் மாறி மாறி வருகின்றன

துளிமருந்துக் குழாயால் ஒரே உயரத்திலிருந்து ஒரு துளி விட்டு, அதன் பளபளப்பு மறையும் வரை நேரம் பாருங்கள். ஒரே தாளில் ஒரு துளி உடனே மறைந்து மற்றொன்று முத்தாக நின்றால், கையிலிருந்த எண்ணெயோ சரியாகக் கரையாத பசைக்கட்டியோ அங்கே இருக்கிறது. இரு பக்கங்களும் வேறுபட்டால், கண்ணாடியில் ஒட்டி உலர்த்திய பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவிட்டு, எப்போதும் அதே பக்கத்தையே ஒப்பிடுங்கள்.

நோட்டுத்தாளில் செய்த தாள் நீரை உறிஞ்ச மறுப்பதைக் கண்டு பலர் திகைப்பார்கள். எழுதும் தாளில் மை பரவாதிருக்க ஆலையிலேயே நீர்தடுப்புப் பொருள் சேர்ப்பார்கள். அதில் ஒரு பகுதி கூழிலும் தங்கிவிடும். செய்தித்தாளில் அது மிகக் குறைவு என்பதால் துளி சில நொடிகளில் மறையும். ஆகவே இது சோதனையின் பிழை அல்ல, மூலப்பொருளின் இயல்பு.

எண்ணில் ஒப்பிட, 15 மி.மீ. பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அதன் நுனி ஒரு செ.மீ. தண்ணீரில் இருக்குமாறு வைத்து, 10 நிமிடத்தில் நீர் எத்தனை மி.மீ. ஏறியது என்று அளவுகோலால் குறியுங்கள். ஏறிய உயரம் வேகத்தைக் காட்டுமே தவிர கொள்ளளவைக் காட்டாது. தடித்த தாள் மெல்ல ஏற்றினாலும் மொத்தத்தில் அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்கக் கூடும். கொள்ளளவுக்கு, எடை போட்ட துண்டை ஒரு நிமிடம் நனைத்து, அரை நிமிடம் வடியவிட்டு மறுபடி எடை போட்டு, ஒரு கிராம் தாளுக்கு எத்தனை கிராம் தண்ணீர் என்று எழுதுங்கள். இரண்டு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், ஒரே பத்தியில் கலக்க வேண்டாம்.

## அடையாளம் 7: கரையாத துணுக்குகள், நாற்றம், கரும்புள்ளி

துணுக்குகள் கரையவே இல்லையென்றால் நீங்கள் சேர்த்த தாளில் பிளாஸ்டிக் பூச்சோ, ஈரத்திலும் குலையாதிருக்கச் செய்த சமையலறைத் தாளோ கலந்திருக்கிறது. கைவிட்டு எடுத்து எறியுங்கள். பில் போடும் இயந்திரத்தின் வெப்பத்தாளைக் கூழில் சேர்க்கவே வேண்டாம். அதன் இரசாயனப் பூச்சு கையில் படும். நாற்றமும் பூஞ்சையும், கஞ்சி சேர்த்த கூழை நாள்கணக்கில் வைத்திருப்பதாலும் மெதுவாக உலர்த்துவதாலும் வருபவை. பூஞ்சை பிடித்த தாளைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

## அடையாளம் 8: மிக்ஸி நிற்கிறது, அல்லது வடிகால் அடைக்கிறது

மிக்ஸி திடீரென நின்றால் அதன் அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, பொத்தானை அழுத்தி, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல் தண்ணீரைக் கூட்டித் தொடருங்கள். கருகிய வாடை வந்தாலோ, பொத்தானை அழுத்திய பிறகும் மறுபடி மறுபடி நின்றாலோ, ஜாரின் அடியிலிருந்து தண்ணீர் மோட்டார் பக்கம் கசிந்தாலோ உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சமையலுக்கு அந்த ஜாரை மீண்டும் பயன்படுத்தவே கூடாது; அச்சு மை சேர்ந்திருக்கும்.

மிச்சக் கூழைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும், பிறகு பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். துணியில் வடிகட்டி, கூழை உருட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊறவைத்தால் கரையும்.

## வீட்டுச் சோதனை போதாத இடம்

மூன்று வகைத் தாளில் எது மேல் என்று வரிசைப்படுத்த மேலே உள்ளவை போதும். ஆனால் வாங்குபவர் குறிப்பிட்ட ஜி.எஸ்.எம்., அறுவலிமை, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றுக்கு எழுத்துச் சான்று கேட்டால் மணல் வாளியின் எண்ணைக் கொடுக்க முடியாது. ஆய்வகங்களில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் தாளை வைத்திருந்த பிறகே சோதிப்பார்கள். சகாரன்பூரிலுள்ள மத்தியக் கூழ், காகித ஆராய்ச்சி நிறுவனமும், ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரிலுள்ள குமரப்பா தேசியக் கைத்தாள் நிறுவனமும் இத்துறையில் பணியாற்றுபவை. அனுப்பும் தாள்கள் எல்லாம் ஒரே தொகுதிக் கூழில், ஒரே அடுக்கில் அழுத்தியவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூலப்பொருளையும் உலர்ந்த எடையையும் பென்சிலால் எழுதி அனுப்புங்கள்.